பழைய தாளை மறுபடி ஸ்கேன் செய்து தரச்சொல்லிக் காப்பகத்துக்கு எழுதுவது எப்படி? திருகோணமலை வரலாற்று மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

காப்பகத்தின் தளத்தில் இருக்கும் படத்தில் ஒரு கையொப்பம் வாசிக்க முடியவில்லை. "பெரிய ரெசலூஷனில் மறுபடி ஸ்கேன் பண்ணித் தாருங்கள்" என்று நேரே எழுதலாமா?

எழுதலாம், ஆனால் முதல் கடிதத்திலேயே அதைக் கேட்காதீர்கள். தளத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் சுருக்கிய பிரதி. அதை எடுத்த அன்றே காப்பகம் பெரிய மூலக் கோப்பு ஒன்றைத் தன் சேமிப்பில் வைத்திருக்கும், வழக்கமாக TIFF வடிவில். அந்தக் கோப்பை அனுப்புவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. மறுபடி ஸ்கேன் என்றால் தொகுதியை அடுக்கிலிருந்து எடுத்து, தாள் தாங்குமா என்று பாதுகாப்பாளர் பார்த்து, கமராவுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். "உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது?" என்று முதலில் கேளுங்கள்.

நான் சில வருடம் ஆவணங்களைப் படம் எடுக்கும் வேலையில் இருந்தவன். இப்போது திருகோணமலையில் இருந்துகொண்டு, வரலாறு படிக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் இப்படியான கடிதங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தைத்தான் எடுக்கப்போகிறேன். இறுதியாண்டு மாணவி ஒருவர் கொண்டுவந்த டச்சுக் கால மனு அது. அடியில் தமிழ்க் கையொப்பங்கள். அதில் ஒன்று "சின்னத்தம்பி உடைய" என்பது வரை தெரிகிறது, அதற்குப் பிறகு ஒரு மங்கல். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

அந்த மங்கலில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தக் காலத்துக் கையெழுத்தில் புள்ளி வைப்பது அரிது. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆக "உடையார்" என்ற சொல் தாளில் "உடையரர" என்று, யகரத்துக்குப் பின் ஒரே மாதிரி இரண்டு கோடுகளாக நிற்கும். கோடுகள் இரண்டு என்றால் அவர் ஊருக்கு உடையார், பதவியில் இருந்தவர். அந்த மங்கல் வெறும் மைக் கறை என்றால் "சின்னத்தம்பியுடைய கையொப்பம்" என்பதன் பாதிதான் அது. அப்படியென்றால் அவர் யாரோ ஒரு குடியானவராகவும் இருக்கலாம். பிள்ளையின் ஆய்வில் ஒரு அத்தியாயம் முழுக்க இந்தக் கோட்டில் தொங்கியது.

பெரிதாக்கினால் எந்தப் படமும் மங்கத்தானே செய்யும்? படம் சிறியது என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?

படத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஒழுங்காக எடுத்த படமென்றால் தாளுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அளவுகோலும் நிற அட்டையும் இருக்கும். நிறைய மாணவர்கள் முதல் வேலையாக அந்த ஓரத்தைத்தான் வெட்டி எறிகிறார்கள். எறியாதீர்கள், கணக்கு முழுக்க அங்கேதான் இருக்கிறது. Paint போன்ற எந்தச் செயலியிலும் படத்தைத் திறந்து, அளவுகோலில் 10 மில்லிமீற்றருக்கு எத்தனை பிக்சல் வருகிறது என்று எண்ணுங்கள்.

நம் மனுவில் 48 வந்தது. அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு ஐந்து பிக்சல்கூட இல்லை. அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் இருக்கக்கூடிய இடைவெளி எவ்வளவு? அதே தாளில் தெளிவாகத் தெரியும் வேறு கோடுகளை அளந்து பார்த்தோம், சுமார் 0.4 மி.மீ. அப்படியானால் இடைவெளிக்குக் கிடைப்பது இரண்டு பிக்சல். மை கொஞ்சம் பரவியிருந்தால் அந்த இரண்டும் நிறைந்துவிடும், இரண்டு கோடு ஒரு தடித்த கோடாகிவிடும். அதே தாளை 300 ppi-இல், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் எடுத்தால் 10 மி.மீ.க்கு 118 பிக்சல், இடைவெளிக்கு ஐந்து பிக்சல் அளவில் வரும். 600 என்றால் 236, இடைவெளிக்கு ஒன்பது. ஐந்து பிக்சல் இருந்தால் கண் பிரித்துவிடும். ஒன்பது இருந்தால் சந்தேகமே வராது.

கடிதத்தில் போடவேண்டியது இந்தக் கணக்கைத்தான். "தெளிவாக இல்லை" என்று எழுதினால் உங்கள் கண்ணாடியில் பிழை என்றுகூட அவர்கள் நினைக்கலாம். "0.4 மி.மீ. இடைவெளிக்கு 2 பிக்சல்" என்று எழுதினால் நினைக்கமாட்டார்கள்.

600 dpi வேண்டும் என்று கேட்டால் போதாதா?

போதாது. கோப்புக்குள் எழுதியிருக்கும் dpi எண் வெறும் சீட்டு மாதிரி. ஒரு பிக்சலைக்கூடக் கூட்டாமல் 72 என்பதை 600 என்று மாற்றிவிடலாம். தாளின் உண்மையான அளவோடு சேர்த்துச் சொன்னால்தான் எண்ணுக்குப் பொருள் வரும். "10 மி.மீ.க்கு குறைந்தது 200 பிக்சல்" என்று கேளுங்கள். அதில் யாரும் தடுமாற முடியாது.

முழுத் தாளையும் கேட்பதும் பிழை. 210க்கு 330 மி.மீ. தாள் ஒன்று 600 ppi-இல் சுருக்காத TIFF ஆக வந்தால் 116 மெகாபைட் அளவு இருக்கும். கைபேசி டேட்டாவில் அதை இறக்கிப் பாருங்கள், தெரியும். கையொப்பம் இருக்கும் 60க்கு 40 மி.மீ. துண்டு மட்டும் அதே தரத்தில் நாலு மெகாபைட்தான். கேட்பது சிறியதாக இருந்தால் கொடுப்பதும் சுலபம்.

அந்தப் பெரிய படம் தளத்திலேயே எங்காவது ஒளிந்திருக்குமா?

பல தடவை இருந்திருக்கிறது. பெரிய காப்பகங்கள் பலவும் IIIF என்ற முறையில் படத்தை வழங்குகின்றன. படத்தைப் பெரிதாக்கும்போது அது துண்டு துண்டாக வந்து சேர்வதைப் பார்த்தால், பின்னால் இந்த முறை இருக்கலாம். அப்படி இருந்தால் படத்தின் முகவரியில் அதன் அடையாளம் முடியும் இடம்வரை, கீழே ID என்று காட்டியிருப்பது வரை, வைத்துக்கொண்டு, மிச்சத்தை எடுத்துவிட்டு /info.json என்று போட்டுத் திறந்து பாருங்கள். அதில் width, height என்று இருப்பதுதான் சேவையகத்தில் உள்ள படத்தின் உண்மையான அளவு. திரையில் 1000 பிக்சல் காட்டிவிட்டு உள்ளே 2480 வைத்திருக்கும் தளங்கள் உண்டு.

```
https://example.org/iiif/ID/info.json
https://example.org/iiif/ID/full/max/0/default.jpg
https://example.org/iiif/ID/1300,3250,709,472/max/0/default.jpg
```

இரண்டாவது வரி முழுப்படத்தைக் கேட்கிறது. சில சேவையகங்கள் இவ்வளவுக்கு மேல் பெரிதாகத் தரமாட்டேன் என்று வரம்பு வைத்திருக்கும். அப்போது மூன்றாவது வரி மாதிரி ஒரு துண்டை மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு எண்கள் துண்டின் மேல் இடது மூலை, அடுத்த இரண்டும் அகலமும் உயரமும். துண்டு வரம்பைவிடச் சிறியது என்பதால் சுருக்காமல் அப்படியே வரும். இது திருட்டு வழி இல்லை, அந்த முறையே இப்படிக் கேட்பதற்காகத்தான் இருக்கிறது. கடிதம் எழுத முன் இதைச் செய்து பார்த்திருந்தால் கடிதத்திலும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அனுப்பும் முதல் பதில் அதே முகவரியாகத்தான் இருக்கும்.

என்னிடம் இருக்கும் படம் கறுப்பு வெள்ளை. அதற்கும் இதே வழிதானா?

இல்லை. அது மைக்ரோபிலிமிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். பக்கத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு, நிற அட்டை கிடையாது, அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே இடத்தில் நீளவாக்கில் ஒரு கீறல். இவை சேர்ந்திருந்தால் பிலிம்தான். பிலிமில் வெளிறிய மை வெள்ளையோடு போய்விடும், பழுப்புக் கறை மையோடு மையாகிவிடும். அந்தப் பிலிமை எத்தனை ஆயிரம் dpi-இல் ஸ்கேன் செய்தாலும் தொலைந்தது திரும்பாது. அசல் தாளை நிறத்தில் படம் எடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு உண்மையான நியாயம் இருப்பது இங்கேதான். கடிதத்திலும் "தற்போதைய படம் பிலிமிலிருந்து எடுத்தது போல் தெரிகிறது" என்று சொல்லிவிடுங்கள்.

ஒரேயொரு படம் எடுப்பதால் தாளுக்கு என்ன ஆகிவிடப் போகிறது? காப்பகக்காரர் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள்?

டச்சுக் காலத் தாள்களில் இருப்பது பெரும்பாலும் இரும்பு மை. மரத்தில் பூச்சி துளைத்த இடத்தில் வரும் மாசிக்காயின் சாறும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்தது. எழுதும்போது வெளிறி இருந்து காற்றுப் பட்டதும் கறுக்கும், நூறு இருநூறு வருடத்தில் பழுப்பாகும். அதில் அமிலமும் மிச்ச இரும்பும் இருப்பதால், மை தடித்து விழுந்த இடங்களில் தாளையே தின்றுவிடும். அந்த நிலையில் உள்ள தாள் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். திருப்பும்போது மட்டும் கோட்டின் வழியே முறியும். ஓகாரம் மாதிரிச் சுழியுள்ள எழுத்தின் நடுப்பகுதி அப்படியே கழன்று விழுந்து மேசையில் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைப் படம் எடுக்க வந்த நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆக அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் வெளிச்சத்துக்கு இல்லை, தாளை அசைப்பதற்கு. கண்ணாடி போட்டு அமுக்கும் ஸ்கேனரில் இப்படிப்பட்ட தொகுதியை வைக்கவேமாட்டார்கள். மேலே கமரா, கீழே வி வடிவத் தாங்கி, தொகுதி எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுதான். தையல் ஓரத்தில் இருக்கும் எழுத்து அப்படியும் வளைந்துதான் வரும். "முழுவதும் விரித்து" என்ற சொல்லைக் கடிதத்தில் எங்கும் எழுதாதீர்கள்.

என் தாளில் எழுத்து சிறியது இல்லை, வெளிறிப் போயிருக்கிறது. பின்பக்கத்து மையும் ஊறித் தெரிகிறது. ரெசலூஷன் கூட்டினால் சரிவருமா?

வராது. வெளிறிய மையைப் பெரிதாக்கினால் பெரிய வெளிறிய மை கிடைக்கும். அதற்குக் கேட்கவேண்டியது வேறு வெளிச்சம். புற ஊதா ஒளியில் தாள் ஒளிரும், இரும்பு மை ஒளிராமல் கறுப்பாக நிற்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத வரிகூட அதில் எழும்பி வருவதுண்டு. அந்த வசதி எல்லாக் காப்பகத்திலும் இல்லை, ஆனால் கேட்கலாம். ஏட்டுச் சுவடி என்றால் கதை வேறு. எழுத்து கீறப்பட்டது என்பதால் பக்கத்திலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம் போதும். மை பூசாத ஏட்டிலும் கீறலின் நிழல் தெரியும்.

ஊறிய மைக்கு யாரிடமும் போகத் தேவையில்லை. அதே தாளின் பின்பக்கப் படத்தை இறக்கி, இடம் வலமாகத் திருப்பி, முன்பக்கப் படத்தின் மேல் அரைத் தெளிவாக வையுங்கள். சந்தேகப்பட்ட புள்ளியோ கோடோ பின்பக்கத்து எழுத்தின் மேல் சரியாகப் பொருந்தினால் அது அங்கிருந்து வந்தது. நம் மனுவிலும் இதைச் செய்தோம். மங்கலுக்கு நேர் பின்னால் வெறும் தாள்தான் இருந்தது. ஆக அந்த மை முன்பக்கத்து மைதான், அதில் எத்தனை கோடு என்பது மட்டும் பாக்கி.

சரி, கடிதம் எப்படி இருக்கவேண்டும்? ஒன்று எழுதிக் காட்டுங்கள்.

அந்தப் பிள்ளை அனுப்பியதன் சாரம் இது. தொகுதி எண்ணையும் தாள் எண்ணையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

> பொருள்: தொகுதி 3120, தாள் 47 முன்பக்கம், அடியிலுள்ள இரண்டாம் தமிழ்க் கையொப்பம்
>
> வணக்கம். நான் திருகோணமலையில் வரலாறு படிக்கும் இறுதியாண்டு மாணவி. டச்சுக் கால மனுக்களில் உள்ள தமிழ்க் கையொப்பங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன்.
>
> மேற்சொன்ன பக்கத்தின் இணையப் படம் 1000 பிக்சல் அகலம். படத்திலுள்ள அளவுகோலின்படி 10 மி.மீ.க்கு 48 பிக்சல். கையொப்பத்தின் இறுதியில் ஒரு கோடா, 0.4 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடா என்று நான் அறியவேண்டும். இரண்டு என்றால் அது ஒரு பதவிப் பெயர். இப்போதைய படத்தில் அந்த இடைவெளிக்கு இரண்டு பிக்சல்தான் இருக்கிறது. பின்பக்கப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஊறிய மை அல்ல.
>
> இப்பக்கத்துக்குப் பெரிய மூலக் கோப்பு தங்களிடம் இருந்தால், இணைத்துள்ள படத்தில் சிவப்புக் கட்டமிட்ட பகுதியை மட்டும் (சுமார் 60க்கு 40 மி.மீ.) சுருக்காமல் அனுப்ப முடியுமா? இல்லாவிட்டால், தாளின் நிலை இடங்கொடுத்தால் மட்டும், அப்பகுதியை அளவுகோலோடு 10 மி.மீ.க்கு குறைந்தது 200 பிக்சல் வரும்படி படமெடுக்க இயலுமா? தொகுதி தற்போது விரியும் அளவே போதும். தையலுக்கு அருகில் எழுத்து வளைந்து வந்தாலும் பரவாயில்லை.
>
> படத்தை ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவேன், வெளியிடுவதானால் தனியே அனுமதி கேட்பேன். கட்டணம் இருந்தால் வேலை தொடங்க முன் அறியத் தாருங்கள்.

முதல் வரைவில் அவர் தன் பல்கலைக்கழகத்தின் பெருமை, திருகோணமலையின் இயற்கைத் துறைமுகம், கோணேசர் கோயில் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். எல்லாவற்றையும் வெட்டினோம். கொஞ்சம் கோபித்துக்கொண்டார்தான். ஆனால் கடிதத்தை வாசிக்கப்போகும் ஆளுக்கு வேண்டியது தொகுதி எண்ணும் தாள் எண்ணும் சிவப்புக் கட்டமும். தாள் எண்ணை எழுதும்போது முன்பக்கமா பின்பக்கமா என்பதை விட்டுவிடாதீர்கள். தளத்தின் பட வரிசை எண்ணும் தாளில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றல்ல. இரண்டையும் கொடுங்கள்.

இதை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டுமா?

கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு என்றால் தமிழிலேயே எழுதலாம், தமிழும் இலங்கையின் அரச கரும மொழிதான். வெளிநாட்டுக்கு ஆங்கிலம். வாக்கியங்கள் சின்னதாக இருந்தால் உங்கள் ஆங்கிலமே போதும்.

படம் வந்துவிட்டது. பழையதையே பெரிதாக்கி அனுப்பியது மாதிரி இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்தைப் பார்க்காமல், வெறும் தாளைப் பாருங்கள். உண்மையாகப் பெரிய படமென்றால் தாளின் நார், சிறு துவாரம், தூசு எல்லாம் தெரியும். ஊதிப் பெருப்பித்த படத்தில் அந்த இடம் மெழுகு பூசியது மாதிரி வழுவழுப்பாக இருக்கும், கோட்டின் ஓரமும் புகைபோல் கரையும். அளவுகோலின் அரை மி.மீ. கோடுகளும் நல்ல சாட்சி. பிக்சல் நாலு மடங்கு கூடியும் அந்தக் கோடுகள் முன்பைப்போலவே மங்கலாக இருந்தால் புதிதாக எதுவும் வரவில்லை. குற்றம் சாட்டவேண்டாம். மூலக் கோப்பிலிருந்து வெட்டியதா என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். தவறான கோப்பைத் தெரியாமல் அனுப்பியிருப்பதும் நடக்கிற காரியம்தான்.

"தாள் தாங்காது, முடியாது" என்று பதில் வந்தால்?

அதை வாதாடி மாற்றப் பார்க்காதீர்கள். இரண்டு காரியம் செய்யலாம். டச்சுக் கம்பனியின் காகிதங்களில் கொழும்பில் தங்கியவை ஒரு பக்கம், நெதர்லாந்துக்கு அனுப்பிய பிரதிகள் ஹேக் நகரத் தேசியக் காப்பகத்தில் 1.04.02 என்ற தொகுப்பில் இன்னொரு பக்கம். ஒரே மனு இரண்டு இடத்திலும் இருக்கலாம். ஆனால் பிரதி என்பது குமாஸ்தா பார்த்து எழுதியது. வாசகத்துக்கு அது உதவும், கையொப்பத்தின் வடிவத்துக்கு உதவாது. குமாஸ்தா அந்த ஆளை என்ன பதவி சொல்லி எழுதினார் என்பது மட்டும் கிடைத்தாலும் லாபம்தான்.

மற்றது வாசிப்பறை. தாளைப் பார்க்க அனுமதி இருந்து, பிளாஷ் இல்லாமல் கைபேசியால் எடுக்கவும் அனுமதி இருந்தால், அந்த ஊரில் படிக்கும் யாரையாவது பிடியுங்கள். முழுப் பக்கத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். 60 மி.மீ. கையொப்பம் மட்டும் படத்தை நிறைக்க எடுத்தால், 4032 பிக்சல் அகலமுள்ள சாதாரணக் கைபேசிப் படத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு 67 பிக்சல் வருகிறது. லென்ஸ் அதில் பாதியை விழுங்கினாலும் நாம் கேட்ட 20-ஐவிட அதிகம்.

நம் மனுவுக்கு அது தேவைப்படவில்லை. மூலக் கோப்பு 300 ppi-இல் இருந்தது, துண்டை வெட்டி அனுப்பினார்கள். யகரத்துக்குப் பின் இரண்டு கோடு, நடுவில் மெல்லிய தாள் நிறம், எண்ணிப் பார்த்தால் ஐந்து பிக்சல். உடையார்தான். அதே பெயர் வரும் இன்னொரு தாள், தையல் ஓரத்தில் இருப்பது, பிலிம் படமாக மட்டும்தான் இருந்தது. அதற்கு மறுபடம் கேட்டோம். பாதுகாப்பாளர் பார்த்துவிட்டு, தொகுதி விரிந்த மட்டும் ஒரு படம் எடுத்துத் தந்தார். பெயர் தெரிகிறது, கடைசிச் சொல் தையலுக்குள் போய்விட்டது. ஆய்வுக் கட்டுரையில் அந்த இடத்தில் "உடை[...]" என்று சதுர அடைப்பு போட்டிருக்கிறார்.